‘கண்டிஷன் 9/10’ என்றால் என்ன? பழைய போனை விற்கும்போது எதைச் சொல்ல வேண்டும்?

“ஐபோன் 12, 128 ஜிபி. கண்டிஷன் 9/10. டிப் டாப். நோ இஷ்யூ. சிஓடி ரந்தாவ்.”

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் முடா தளத்திலும் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தினமும் பார்க்கிறோம். இதில் வாங்குபவர் உறுதியாக நம்பக்கூடிய தகவல்கள் மூன்றுதான்: மாடல், 128 ஜிபி, ரந்தாவ். மற்றவை எல்லாம் விற்பவரின் அபிப்பிராயம். ஒருவருக்கு 9/10 ஆகத் தெரியும் போன், இன்னொருவருக்கு 6/10 ஆகத் தெரியலாம். “நோ இஷ்யூ” என்றால் பிரச்சினையே இல்லையா, அல்லது இவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா?

பழைய போனின் நிலையை நேர்மையாகச் சொல்வது எப்படி? சொல்லாமல் விட்டால் சட்டம் என்ன சொல்கிறது? நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்துச் சூழலை வைத்து, ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

தோட்டத்தில் ஏன் இது பெரிய விஷயம்?

2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தக் கணக்கில் பார்த்தால், 850 ரிங்கிட் விலையுள்ள பழைய போன் ஒன்று அரை மாத உழைப்பு. காலையில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போகும் குடும்பத்திலோ, செம்பனைக் குலை ஏற்றும் குடும்பத்திலோ, அந்தப் பணம் ஒரே நாளில் கையைவிட்டுப் போகிறது. வாங்கிய போன் மறுவாரமே அணைந்து அணைந்து எரிந்தால், அதை மாற்ற இன்னொரு 850 ரிங்கிட் யாரிடமும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் முகம் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டு நம்பரை பிளாக் செய்துவிடலாம். ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கம் அப்படி முடியாது. போனை வாங்கிய அண்ணனை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பார்ப்பீர்கள். மளிகைக் கடையில் பார்ப்பீர்கள். “அந்தத் தம்பிகிட்ட எதுவும் வாங்காதீங்க” என்ற பேச்சு ஒரு திருவிழாவுக்குள் நான்கு தோட்டம் தாண்டிவிடும்.

அதனால் நஷ்டம் பொய் சொன்னவருக்கு மட்டும் இல்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கார் எது, கோளாறுள்ள கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் வரமாட்டார்கள். கடைசியில் சந்தையில் கோளாறுள்ள கார்களே மிஞ்சும். இந்த ஆய்வுத் துறைக்காக 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பழைய போன் சந்தையிலும் நடப்பது இதேதான். நாலு பேர் “டிப் டாப்” என்று பொய் எழுதினால், உண்மையிலேயே போனைப் பத்திரமாக வைத்திருந்தவர் கேட்கும் விலையும் நம்பப்படாமல் போகும்.

ஒரு போனின் கதை

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். இவர் விளக்கத்துக்காக நாம் உருவாக்கிய பாத்திரம். ஆனால் இவருடைய போனுக்கு நடந்ததெல்லாம் பல போன்களுக்கு நடப்பதுதான்.

2023-இல் ஐபோன் 12 ஒன்றை இவர் ஒரு நண்பரிடம் பழையதாக வாங்கினார். ஓராண்டு கழித்து அது தார்ச்சாலையில் விழுந்து ஸ்க்ரீன் உடைந்தது. சிரம்பானில் ஒரு கடையில் ஸ்க்ரீனை மாற்றினார். பின்பக்கக் கண்ணாடியில், கேமராவுக்குக் கீழே மெல்லிய விரிசல் ஒன்று இருக்கிறது. கேசிங் போட்டால் தெரியாது. மாலை நேரங்களில் உணவு டெலிவரி செய்ததால், எட்டு மாதம் போன் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டியே இருந்தது. பேட்டரி ஹெல்த் 81 விழுக்காடு. இப்போது விற்க நினைக்கிறார். மேலே பார்த்த “9/10” விளம்பரம் இவர் முதலில் எழுதியதுதான்.

இதை எப்படி மாற்றி எழுதலாம்? கீறல், பேட்டரி, ரிப்பேர் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீறல்: எண்ணும் இடமும் சொல்லுங்கள்

முதல் வேலை, டெம்பர்ட் கிளாஸையும் கேசிங்கையும் கழற்றுவது. பலர் இதைச் செய்வதே இல்லை. டெம்பர்ட் கிளாஸில் உள்ள கீறலை ஸ்க்ரீன் கீறல் என்று நினைத்து விலையைக் குறைத்துவிடுவார்கள். அல்லது அதற்கு அடியில் உள்ள உண்மையான கீறலைப் பார்க்காமலே “ஸ்கிராட்ச்லெஸ்” என்று எழுதிவிடுவார்கள்.

பிறகு ஸ்க்ரீனை அணைத்து, மெல்லிய துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கோ மேசை விளக்குக்கோ சாய்வாகப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கோடுகள் சாய்த்தால் தெரியும். ஒவ்வொரு கோட்டின் மேலும் விரல் நகத்தை லேசாக ஓட்டுங்கள். நகத்தில் தட்டுப்படாதது மேலோட்டமான கீறல். அது பயன்படுத்தும்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. நகம் சிக்கினால் ஆழமான கீறல். ஸ்க்ரீன் எரியும்போதும் அது தெரியும், அடுத்த முறை விழுந்தால் அந்த இடத்திலிருந்தே உடைய வாய்ப்பு உண்டு. இந்த வேறுபாட்டைச் சொன்னாலே வாங்குபவருக்குப் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

கீறலும் விரிசலும் ஒன்றல்ல. கீறல் கண்ணாடியின் மேல்பரப்பில் இருப்பது. விரிசல் கண்ணாடிக்குள் ஓடுவது. விரிசல் வழியாகத் தண்ணீரும் தூசியும் உள்ளே போகும். அதனால் நம் தம்பி பின்பக்க விரிசலை “லைட் ஸ்கிராட்ச்” என்று எழுதினால் அது பொய்தான். “கேமராவுக்குக் கீழே சுமார் 2 சென்டிமீட்டர் விரிசல், கேசிங் போட்டால் மறையும்” என்று எழுதினால் உண்மை. பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால், அளவு குறித்து யாரும் வாதாட வேண்டியதில்லை.

ஸ்க்ரீன் உள்ளே இருக்கும் குறையையும் மறக்க வேண்டாம். ஓஎல்இடி ஸ்க்ரீனில் நீண்ட நாள் ஒரே படம் நின்றிருந்தால் அதன் நிழல் தங்கிவிடும். ஒளியை முழுமையாகக் கூட்டி, வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கீபோர்டின் சாயலோ, மேப்பின் சாயலோ, பச்சைக் கோடோ தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். சாம்சங் போன்கள் பலவற்றில் டயல் செய்யும் இடத்தில் `*#0*#` என்று அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஸ்க்ரீனை நிரப்பிப் பார்க்கும் சோதனைப் பக்கம் வரும்.

பேட்டரி: 81 விழுக்காடு எதைச் சொல்கிறது?

ஐபோனில் பேட்டரி ஹெல்த் விழுக்காடு தொடக்கத்திலிருந்தே இருந்த வசதி அல்ல. பழைய பேட்டரி உள்ள சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் தந்தது. வாடிக்கையாளர்களுக்குக் கடும் கோபம். அதன்பின் 2018-இல் ஐஓஎஸ் 11.3 உடன்தான் இந்த விழுக்காடு எல்லார் கண்ணுக்கும் வந்தது. அதாவது, போனின் நிலையை மறைத்ததால் வந்த சிக்கலுக்குப் பிறகு கிடைத்த எண் இது.

இதன் பொருள் எளிது. புதிதாக இருந்தபோது பேட்டரி பிடித்த அளவில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதே அந்த எண். ஐபோன் 12-இன் பேட்டரி புதிதில் 2,815 மில்லிஆம்பியர் மணி. 81 விழுக்காடு என்றால் இப்போது சுமார் 2,280. முன்பு பத்து மணி நேரம் தாங்கிய அதே பயன்பாட்டுக்கு இப்போது எட்டு மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

81 நல்லதா, மோசமா? ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, சரியான சூழலில் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்றுகள். ஆக, ஐபோன் 12-இல் 81 என்றால் பேட்டரி மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். “இன்னும் நல்லா இருக்குண்ணே” என்று சொல்வதைவிட, “81, சீக்கிரம் மாற்ற வேண்டி வரும்” என்று சொல்வதே சரி.

எண் மட்டும் போதாது. ஒரே 81 உள்ள இரண்டு போன்களில் ஒன்று ஒழுங்காக ஓடும், இன்னொன்று 20 விழுக்காட்டிலேயே அணைந்துவிடும். அதனால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். முழுசாகச் சார்ஜ் செய்து, ஒளியைப் பாதியில் வைத்து, வைஃபையில் ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, எத்தனை விழுக்காடு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே விளம்பரத்தில் போடலாம். விழுக்காடு காட்டாத ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இது பொருந்தும். சாம்சங் என்றால் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் பரிசோதனைப் பகுதியில் பேட்டரி நிலையையும் பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கலாம்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: நான்கைந்து வருடப் போனில் 100 விழுக்காடு என்று இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், “பேட்டரி எப்ப மாத்தினீங்க, எங்க?” என்று கேளுங்கள். மாற்றப்பட்ட பேட்டரி தப்பில்லை. மாற்றியதைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

விற்பவர் விற்கவே கூடாத நிலையும் ஒன்று உண்டு. ஸ்க்ரீன் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு, விளிம்பில் இடைவெளி தெரிந்தால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அது தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது. விலை குறைத்து விற்றுவிடலாம் என்று நினைக்காமல், சார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ரிப்பேர்: போனே சாட்சி சொல்லும்

“ஸ்க்ரீன் மாற்றியதைச் சொன்னால் விலை போய்விடும்” என்ற பயம்தான் பலரை மௌனமாக்குகிறது. ஆனால் ஐபோனில் அதை மறைக்க முடியாது. ஐஓஎஸ் 15.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் Settings > General > About பகுதிக்குப் போனால், பாகம் மாற்றப்பட்ட போன்களில் Parts and Service History என்ற பிரிவு தெரியும். ஐபோன் 12-இல் பேட்டரி, ஸ்க்ரீன், கேமரா மூன்றின் விவரமும் அங்கே வரும். அசல் பாகம் என்றால் Genuine Apple Part, அசல் என்று உறுதிசெய்ய முடியாவிட்டால் Unknown Part. எதுவுமே மாற்றாத போனில் அந்தப் பிரிவே இருக்காது.

நம் தம்பியின் போனில் Display என்பதற்கு எதிரே Unknown Part என்று இருக்கிறது. வாங்குபவர் முப்பது நொடியில் இதைப் பார்த்துவிடுவார். முதலில் நீங்கள் சொன்னால் அது ஒரு தகவல். அவர் கண்டுபிடித்தால் அது ஒரு குற்றச்சாட்டு. அதற்குப் பிறகு பேட்டரி பற்றி நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட அவர் நம்பமாட்டார்.

ஆண்ட்ராய்டில் எல்லா போனுக்கும் பொதுவாக இப்படி ஒரு பக்கம் கிடையாது. அதனால் கடை ரசீதுதான் சாட்சி. ரசீது இல்லாவிட்டால், கடைக்காரருடன் பேசிய வாட்ஸ்அப் உரையாடலில் தேதியும் விலையும் இருக்கும். எந்தப் பாகம், எப்போது, அசலா மாற்றா என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

ஸ்க்ரீன் மாற்றியதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று தண்ணீர். ஐபோன் 12 புதிதில் ஐபி68 தரம் பெற்றது. ஆனால் இந்தப் பாதுகாப்பு நிரந்தரமானதல்ல, நாளடைவில் குறையும் என்று ஆப்பிளே சொல்கிறது. போனைத் திறந்து ஸ்க்ரீனை மாற்றும்போது ஓரத்தில் உள்ள பசை அடைப்பும் பிரிகிறது. கடையில் புதிதாக ஒட்டினாலும் பழைய தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. பின்பக்கம் விரிசலும் இருக்கும்போது “வாட்டர்ப்ரூஃப்” என்று எழுதவே கூடாது. மழையில் தோட்டத்துக்குள் போகிறவர் அதை நம்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

போனுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று சந்தேகமா? சிம் தட்டை வெளியே எடுத்து, அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐபோன்களில் அங்கே ஒரு சிறிய அடையாள வில்லை இருக்கும். வழக்கமாக வெள்ளை அல்லது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டிருந்தால் சிவப்பு.

மோட்டார் சைக்கிளில் மாட்டிய போன்

தோட்டப்புற இளைஞர்கள் பலருக்கும் தெரியாத ஒரு குறை இது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில் வழியாகப் போனுக்குப் போகும்போது, கேமராவில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் பாகமும் ஃபோகஸ் செய்யும் பாகமும் நாளடைவில் பாதிக்கப்படலாம் என்றது. அதிகத் திறன் கொண்ட பெரிய இன்ஜின்களுக்கே இது முக்கியமாகப் பொருந்தும். சிறிய ஸ்கூட்டர், மொபெட்டுகளில் அதிர்வு குறைவு என்றாலும், அதிர்வைத் தாங்கும் மவுண்ட் பயன்படுத்துங்கள் என்றே ஆப்பிள் சொல்கிறது.

டெலிவரிக்கு எட்டு மாதம் ஓடிய போனில் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. கேமராவைத் திறந்து 1x-இல் வைத்து, போனை மேசை விளிம்பில் அசையாமல் பிடியுங்கள். பிறகு 0.5x-க்கு மாற்றுங்கள். ஐபோன் 12-இல் 1x கேமராவில்தான் நடுக்கத்தைச் சரிசெய்யும் பாகம் இருக்கிறது, 0.5x-இல் இல்லை. 1x-இல் மட்டும் படம் துடித்து, 0.5x-இல் அமைதியாக நின்றால், அந்தப் பாகம் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் படம் நின்றால் நல்லது. ஆனாலும் “எட்டு மாதம் ஹேண்டிலில் மாட்டியது” என்று எழுதுவதே நியாயம். ஏனென்றால் இன்று தெரியாத தேய்மானம் நாளை தெரியலாம்.

கேட்காவிட்டால் சொல்ல வேண்டுமா? சட்டத்தின் பதில்

“அவர் கேக்கல, நான் சொல்லல. இதுல என்ன தப்பு?” பலரும் கேட்கும் கேள்வி இது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஒரு குதிரையை வைத்துப் பதில் சொல்கிறது.

17-ஆவது பிரிவில் உள்ள எடுத்துக்காட்டு இது. ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மட்டும் மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லி, விற்பவர் அப்போதும் வாய் திறக்காவிட்டால்? அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். வாங்குபவர் அப்போதுதான் பருவ வயதை எட்டிய விற்பவரின் சொந்த மகளாக இருந்தால்? அந்த உறவே குறையைச் சொல்லும் கடமையை உண்டாக்குகிறது.

குதிரை இருக்கும் இடத்தில் போனை வைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வாங்குபவர், “ஸ்க்ரீன் மாத்தலதானே தம்பி? இல்லன்னா சொல்லுங்க” என்று கேட்கிறார். நீங்கள் பதிலே போடாமல், “எத்தனை மணிக்கு வரீங்க?” என்று மட்டும் கேட்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் அந்த மௌனம் உங்களுக்கு எதிராகவே பேசும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தெரிந்த குறையை முனைந்து மறைப்பதும் மோசடியே. விரிசல் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுப்பது இந்த வகையில் வர வாய்ப்புண்டு.

18-ஆவது பிரிவு பலர் அறியாத வலை. தனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை, உண்மை என்று நம்பியே சொன்னாலும், அது தவறாக இருந்தால் பிழையான கூற்றாகக் கருதப்படலாம். நம் தம்பி போனைப் பழையதாக வாங்கியவர். 2023-க்கு முன் பேட்டரி மாற்றப்பட்டதா என்று அவருக்குத் தெரியாது. “பேட்டரி மாற்றவே இல்லை” என்று எழுதினால் சிக்கல். “2023-இல் நான் வாங்கியதிலிருந்து பேட்டரி மாற்றவில்லை” என்று எழுதினால் பாதுகாப்பு. ஒரே ஒரு சொற்றொடர்தான் வித்தியாசம்.

பொய்க்கூற்றை நம்பி வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது 19-ஆவது பிரிவு. அதில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. பிழையான கூற்றாலோ மோசடியான மௌனத்தாலோ ஏமாந்ததாகச் சொல்பவர், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், அந்த உரிமை அவருக்கு இல்லை. அதனால் வாங்குபவரும் About பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பிரச்சினை வந்தால் எங்கே போவது? போன் வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவரிடம் வாங்கியிருந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். தன் சொந்த போனை ஒரு முறை விற்கும் தனிநபர் மீது அங்கே போக முடியாது. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. வரம்பு 5,000 ரிங்கிட். இரண்டு இடத்திலும் உங்கள் வாட்ஸ்அப் உரையாடலும் விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும்தான் முக்கிய ஆதாரம். நேர்மையாக எழுதிய விற்பனையாளரைக் காப்பாற்றுவதும் அதே ஸ்க்ரீன்ஷாட்தான்.

மாற்றி எழுதிய விளம்பரம்

இப்போது நம் தம்பியின் விளம்பரம் இப்படி இருக்கிறது:

“ஐபோன் 12, 128 ஜிபி, கறுப்பு. 2023-இல் பழையதாக வாங்கினேன்; அதற்கு முந்தைய விவரம் தெரியாது.

ஸ்க்ரீன்: 2024-இல் கடையில் மாற்றியது, அசல் அல்ல. About பக்கத்தில் Unknown Part என்று வரும், படம் 3 பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒன்று, இடது மேல் மூலையில். மற்றவை மேலோட்டமானவை.

பின்பக்கம்: கேமராவுக்குக் கீழே 2 செ.மீ. விரிசல், படம் 4. தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

பேட்டரி: 81%. நான் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. வைஃபையில் ஒரு மணி நேர வீடியோவுக்கு 14% இறங்கியது. திடீரென அணைந்ததில்லை.

கேமரா: எட்டு மாதம் மோட்டார் ஹேண்டிலில் மாட்டியிருந்தது. 1x, 0.5x இரண்டும் இப்போது ஆடாமல் நிற்கின்றன. நேரில் சோதித்துப் பார்க்கலாம்.

விலை 720 ரிங்கிட். ரந்தாவ், நேரில் மட்டும்.”

முதல் விளம்பரத்தில் இவர் 850 கேட்டிருந்தார். 130 ரிங்கிட் குறைந்துவிட்டதே என்று தோன்றலாம். ஆனால் முதல் விளம்பரத்தைப் பார்த்து சிரம்பானிலிருந்து வந்தவர், About பக்கத்தைத் திறந்த நொடியில் 600-க்குக் கேட்டிருப்பார், அல்லது திரும்பிப் போயிருப்பார். குறைகளைத் தெரிந்துகொண்டே வருபவரிடம் பேரம் பேச அதிகம் இருக்காது.

கவனித்தீர்களா, இந்த விளம்பரத்தில் “டிப் டாப்” இல்லை, “9/10” இல்லை. ஒவ்வொரு வரியையும் வாங்குபவர் தன் கையால் சோதித்துப் பார்க்க முடியும். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

சந்திக்கும் நாளில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போனைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் அவரைத் தனியே பார்க்கவிடுங்கள். அவர் டார்ச் அடித்து சிம் துளையைப் பார்ப்பார், கேமராவைத் திறப்பார், ஒரு கால் போட்டுப் பேசிப் பார்ப்பார். “எல்லாம் நீங்க எழுதின மாதிரியே இருக்கு தம்பி” என்று அவர் சொன்ன பிறகு பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் அவரைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது.